20 லட்சம் ரூபாய் முருங்கை

போன வாரம் சென்னையில இருந்து ஒரு தம்பி போன் பண்ணினார். "அண்ணா, ஒரு ஏக்கர் முருங்கையில வருசம் 20 லட்சம்னு வீடியோல சொல்றாங்க. வேலையை விட்டுட்டு வந்துடலாமா?"

அந்த வீடியோவை நானும் பார்த்தேன். அதுல சொன்ன எந்த எண்ணும் தனியா பார்த்தா பொய் இல்லை. பி.கே.எம்.-1 ரகம் ஏக்கருக்கு 640 செடி வரும். நல்லா பார்த்துக்கிட்டா 20 டன் காய் வரும்னு வேளாண் பல்கலைக்கழகமே சொல்லுது. கார்த்திகை, மார்கழியில கிலோ 100 ரூபாயைத் தாண்டின வருசமும் உண்டு. 20 ஆயிரம் கிலோவை நூறால் பெருக்கினால் 20 லட்சம்.

பொய் அந்தப் பெருக்கல்ல இருக்குது. மழையிலும் பனியிலும் பூ கொட்டிப்போகும், மரத்துல காய் இருக்காது. அதனாலதான் அந்த 100 ரூபாய் விலையே வருது. கோடையில மரம் கொள்ளாம காய்க்கும்போது எல்லார் தோட்டத்திலும் காய் இருக்கும், விலை பத்துக்குக் கீழே போயிடும். கோடை விளைச்சலை மார்கழி விலைக்கு வித்த விவசாயி எந்த ஊர்லயும் இல்லை.

என் ஒரு ஏக்கர் கணக்கு இது. மொத்தம் 9 டன். அதுல 8,700 கிலோ சராசரி 9 ரூபாய்க்குப் போச்சு, 78,300 ரூபாய். கார்த்திகையில கிடைச்ச 300 கிலோவுக்கு 30,000. ஆக 1,08,300 ரூபாய். இதுல மண்டி கமிஷன், பறிப்புக் கூலி, வண்டி வாடகை, மருந்து எல்லாம் போகணும்.

தலைப்பு கவர்ச்சியா வைக்கிறதை நான் குத்தம் சொல்லலை. சந்தையில கூவித்தான் விக்கணும். ஆனா கூவுறதுக்கும் ஏமாத்துறதுக்கும் நடுவுல ஒரு வரப்பு இருக்கு. வரவை லாபம்னு சொன்னா வரப்பைத் தாண்டியாச்சு. ஒரு மாச விலையை வருசத்துக்கும் போட்டாலும் அப்படித்தான். கடைசியில "கன்று வேணும்னா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க"ன்னு வந்தா, அது விவசாய வீடியோ இல்லை, கன்று வியாபாரம். அதை முதல் வரியிலேயே சொல்லணும். "உண்மையான விவசாயின்னா ஷேர் பண்ணுங்க"ன்னு சொல்றாங்களே, ஷேர் பண்ணாதவன் என்ன பொய்யான விவசாயியா?

இதுல நட்டம் ஏமாந்தவருக்கு மட்டும் இல்லை. நாளைக்கு நாங்க விலை இல்லாம காயை ரோட்டுல கொட்டினா, "20 லட்சம் சம்பாதிக்கிறவங்களுக்கு என்ன கேடு"ன்னுதான் நகரத்துல கேப்பீங்க. நிஜமான யோசனை சொல்ற ஒருத்தர் வந்தாலும், சூடு பட்டவன் கேக்க மாட்டான்.

அந்தத் தம்பிகிட்ட நான் சொன்னது இதுதான்: வீடியோ போட்டவர்கிட்ட மூணு வருச மண்டிச் சீட்டு கேளுங்க. தேதியும் எடையும் விலையும் அதுல இருக்கும். காட்டினா நம்புங்க.