பேர் இல்லாத படத்துக்குப் பேர் வைக்காதீங்க

வாட்ஸ்அப் குரூப்பில ஒரு படம் வந்து விழுது. கூட்டமான ஒரு தெரு, நாலஞ்சு கடை, ஒரு பஸ், நூறு முகம். கீழே ஒரு வரி இல்லை. அனுப்பியவரும் ஒண்டும் சொல்லேல்ல. அஞ்சு நிமிசத்துல "இது ஓட்டமாவடி", "இல்ல, வாழைச்சேனை" எண்டு தொடங்கும். அடுத்த அஞ்சு நிமிசத்துல ஒராள் முகத்துல சிவப்பு வட்டம் போட்டுப் பேரையும் எழுதிடுவார்.

முதல்ல இடத்தைப் பார்ப்போம். பஸ்ஸின் முன்பலகையில "மட்டக்களப்பு" எண்டு இருந்தா அது பஸ் போற ஊர், நிக்கிற ஊர் இல்லை. அதே பலகையோட பஸ் கொழும்பு புறக்கோட்டையிலயும் நிக்கும். நம்பர் தகட்டுல EP எண்டு இருந்தா வாகனம் கிழக்கு மாகாணத்துல பதிஞ்சது எண்டு மட்டும்தான் அர்த்தம். ஓடுறது யாழ்ப்பாணத்துலயாவும் இருக்கலாம். கடைப் பலகையில 065 எண்டு தொடங்குற தொலைபேசி எண் கொஞ்சம் பலமான தடயம், ஆனா அது மட்டக்களப்பு மாவட்டத்துக்கே பொதுவான எண். கிரானா, ஏறாவூரா எண்டு சொல்லாது. படத்துக்குள்ள நேரமும் இடமும் பதிவாகியிருக்குமே எண்டு கேட்கலாம். வாட்ஸ்அப்பில சாதாரணமா அனுப்புற படத்துல அந்தப் பதிவு இருக்காது.

இடம் சரியாவே இருந்தாலும் நாள் பிழைச்சா எல்லாம் பிழை. மூண்டு வருசத்துக்கு முந்திய திருவிழாக் கூட்டம், நேற்றைய கலவரக் கூட்டமா மாறிடும். கூகிளில படத்தைப் போட்டுத் தேடினா, பழைய படம் எண்டதைச் சில நேரம் நிரூபிக்கலாம். ஆனா ஒண்டும் கிடைக்காட்டி படம் புதுசு எண்டு நிரூபணமாகாது. இந்த வித்தியாசத்தைத்தான் பலர் கவனிக்கிறதில்லை.

முகம் இதை விட மோசம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் உட்படப் பல இடங்களில் குண்டுகள் வெடித்தன. நாலு நாள் கழித்து, ஏப்ரல் 25 அன்று, பொலிஸ் தேடப்படும் ஆறு பேரின் பெயர்களையும் படங்களையும் வெளியிட்டது. அதில் ஒரு பெண்ணின் பெயருக்கு மேலே இருந்த படம் அமாரா மஜீத் என்பவருடையது. அவர் இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்த அமெரிக்கர், பிரவுண் பல்கலைக்கழக மாணவி. அப்போது அவருக்குப் பரீட்சைக் காலம். படம் பிழை என்று பொலிஸ் பிறகு அறிவித்தது. அதற்குள் கொலை மிரட்டல்கள் அவரைத் தேடிப் போய்விட்டன. கோப்புகளும் ஆளணியும் உள்ள திணைக்களத்துக்கே இப்படி எண்டா, மங்கலான படத்தைப் பெருசாக்கிப் பார்க்கிற எங்கட கண்ணை எவ்வளவு நம்பலாம்?

கூட்டத்தைப் பார்த்து ஆளை அடையாளம் சொல்றது எங்கட பக்கத்துக்குப் புதுசில்லை. கிரானிலிருந்து மட்டக்களப்புப் பக்கம் போனால் வருவது வந்தாறுமூலை. 1990 செப்டம்பர் 5 அன்று, அங்குள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சமடைந்திருந்த மக்களை இராணுவம் வரிசையாக நிறுத்தி, முகமூடி போட்டவர்களின் முன்னால் நடக்கவிட்டது. 158 பேர் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. அந்த முகமூடிக்காரரை எங்கட சனம் "தலையாட்டி" எண்டு சொல்லும். தலையாட்டி காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவர் சொன்னது பிழை எண்டாலும் அதைத் திருத்த வழியில்லை.

இண்டைக்கு நாங்கள் போடுற சிவப்பு வட்டமும் அந்தத் தலையாட்டல் மாதிரித்தான். விளைவு எப்பவும் அவ்வளவு கொடூரமா இருக்கும் எண்டு சொல்ல வரேல்ல. ஆனா செய்கை ஒண்டுதான்: கூட்டத்துக்குள்ள இருந்து ஒராளைப் பிரிச்சு எடுக்கிறம், பொறுப்பு எடுக்கிறது இல்லை. இங்க ஒரு பேரே சமயத்தையும் இனத்தையும் சொல்லிடும், பல நேரம் ஊரையும் சொல்லிடும். பிழையான பேர் எண்டா ஒரு குடும்பத்துக்கு ஆபத்து. சரியான பேர் எண்டாலும் ஆபத்துத்தான். காணாமல் ஆக்கப்பட்டோரின் போராட்டத்தில நிண்ட அம்மாவின் பேரைப் பெருமையா எழுதுறவர், விசாரிக்க வாறவருக்கும் அந்தப் பேரைக் கொடுக்கிறார்.

"அப்ப அநியாயத்தைக் கண்டும் பேசாம இருக்கிறதா?" எண்டு கேட்கலாம். நியாயமான கேள்விதான். பேசலாம், ஆனா முதல்ல அனுப்பியவரிட்ட கேளுங்க: யார் எடுத்தது, எங்க, எப்ப? "எனக்கும் வந்ததுதான்" எண்டு பதில் வந்தா அந்தப் படம் எதுக்கும் சாட்சி இல்லை. எடுத்தவரே கிடைச்சு, அதில ஒரு குற்றம் தெரிஞ்சா, வெட்டாத மூலப் படத்தை அவர் வைச்சிருக்கட்டும். ஒரு சட்டத்தரணியிட்டயோ மனித உரிமைகள் ஆணைக்குழுவிட்டயோ கொடுக்கலாம். முகங்களை மறைச்ச பிறகுதான் பொதுவில போடலாம்.

கண்ணுக்குத் தெரியிறதை மட்டும் எழுதப் பழகுவோம்: "ஒரு தெரு, ஒரு கூட்டம், தமிழிலயும் சிங்களத்திலயும் பலகைகள்." இதுக்கு மேல படம் ஒண்டும் சொல்லேல்ல. மிச்சத்தை நாங்கள்தான் சொல்றம். நாங்கள் சொன்னதுக்கு விலை கொடுக்கிறது, படத்துக்குள்ள நிக்கிற, எங்களை யாரெண்டே தெரியாத ஒராள்.