இருநூறு வணக்கங்கள்

வேங்கிக்காலில் சிறுதொழில் செய்பவர்களுக்காக நடந்த ஒரு கூட்டத்தில் விற்பனைப் பயிற்சியாளர் ஒருவர் பேசினார். புது வாடிக்கையாளருக்கு எழுதும் முன் அவருடைய வெப்சைட்டையும் பதிவுகளையும் பத்து நிமிடம் பார்ப்பது வேலைக்குப் பயந்தவர்கள் சொல்லும் சாக்கு என்றார். ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் 200 பேருக்கு 2,000 நிமிடம், அதாவது 33 மணி நேரம், ஒரு நாளில் அவ்வளவு நேரம் ஏது என்று கணக்கும் போட்டுக் காட்டினார். பெயரையும் ஊரையும் மட்டும் மாற்றி ஒரே செய்தியை அனுப்பிக்கொண்டே இருந்தால் நூற்றுக்கு இரண்டு பேராவது மடங்குவார்களாம். நன்றாகக் கை தட்டினார்கள்.

கணக்கில் பிழையில்லை. ஆனால் தினம் 200 பேருக்கு எழுதியே தீர வேண்டும் என்று யார் சொன்னது? நான் விடுதிகளுக்கு சோலார் வெந்நீர் அமைப்பு விற்கிறவன். கலெக்டர் ஆபீஸ் பக்கம் தொடங்கி கிரிவலப் பாதை முழுக்கச் சுற்றினாலும் ஊரில் இருப்பது இருக்கிற விடுதிகள்தான். தினம் 200 என்று அள்ளி வீசினால் ஒரு வாரத்தில் ஊரே தீர்ந்துவிடும். எட்டாம் நாள் யாருக்கு எழுதுவதாம்? இங்கே விடுதிக்காரர்கள் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். “உனக்கும் வந்துச்சா?” என்று ஒருவர் கேட்டுவிட்டால் செய்தி அனுப்பிய நம்பரின் கதை அன்றோடு முடிந்தது.

மின்னஞ்சலில் இதைவிட மோசம். சின்ன விடுதிகள் பெரும்பாலும் ஜிமெயில் முகவரியைத்தான் பலகையில் எழுதி வைத்திருக்கின்றன. ‘ஸ்பேம்’ புகார் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது என்று 2024 பிப்ரவரியில் கூகுள் விதி போட்டுவிட்டது. 200 பேரில் ஒரே ஒருவர் எரிச்சலில் அந்தப் பொத்தானை அழுத்தினாலே 0.5 சதவீதம். நூற்றுக்கு இரண்டு பேர் மடங்குவதைச் சொன்னவர், நூற்றுக்கு எத்தனை பேர் அந்தப் பொத்தானை அழுத்துவார்கள் என்று சொல்லவில்லை.

அந்தப் பத்து நிமிடம் எதற்கு என்பதே அவருக்குப் பிடிபடவில்லை. கடிதத்துக்குப் பூச்சூட்ட என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். யாருக்கு எழுதக் கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் பாதி நேரம் போகிறது. ஒரு விடுதியை வைத்தே சொல்கிறேன், பெயர் வேண்டாம். முப்பது அறை, கிரிவலப் பாதைக்குப் பக்கம்.

முதல் மூன்று நிமிடம் வெப்சைட். முகப்புப் பக்கத்தில் கோபுரமும் மலையும்தான் இருக்கும், அதில் நேரத்தை விடக் கூடாது. அறை வாடகைப் பக்கத்துக்கும் விதிமுறைப் பக்கத்துக்கும் போக வேண்டும். இந்த விடுதியில் ‘வெந்நீர் காலை 5 முதல் 8 வரை’ என்று போட்டிருந்தார்கள். பௌர்ணமிக்குத் தனி வாடகை. பௌர்ணமியன்று ராத்திரி 14 கிலோமீட்டர் சுற்றிவிட்டு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் திரும்புகிற கூட்டம் எந்தத் தண்ணீரில் குளிக்கும்? எழுத வேண்டிய விஷயம் இங்கேயே பாதி கிடைத்துவிட்டது.

அந்த மூன்று நிமிடத்துக்குள்ளேயே கூகுள் மேப்பில் சாட்டிலைட் படத்தைத் திறந்து மொட்டை மாடியைப் பார்க்க வேண்டும். சோலார் ஏற்கெனவே இருந்தால் வரிசையாகத் தெரியும். படம் ஓரிரு வருடம் பழையதாக இருக்கலாம். அதனால் ‘இல்லை’ என்று தெரிந்தால் சந்தேகத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும், ‘இருக்கிறது’ என்று தெரிந்தால் நம்பலாம். இந்த ஒரு நிமிடம் இல்லாததால்தான் மாடி நிறைய சோலார் வைத்திருக்கிறவருக்கு ‘இன்றே சோலாருக்கு மாறுங்கள்’ என்று கடிதம் போகிறது.

அடுத்த நான்கு நிமிடம் விருந்தினர் விமர்சனங்கள். நட்சத்திரத்தை எண்ணுவதில் பயனில்லை. புதியது முதலில் வரும்படி மாற்றிவிட்டு, விமர்சனங்களுக்குள்ளேயே வெந்நீர், ஹாட் வாட்டர், கீசர் என்று தேட வேண்டும். ஆந்திராவிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வருகிற கூட்டம் எவ்வளவு என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டாம், ஆகவே தெலுங்கிலும் தேடணும். இந்த விடுதிக்கு மூன்று புகார் அகப்பட்டது. இரண்டில் ‘பௌர்ணமி’ என்ற சொல் இருந்தது. அது முக்கியம், ஏனென்றால் கூகுள் தேதி காட்டாது, ‘4 மாதங்களுக்கு முன்’ என்றுதான் காட்டும். பௌர்ணமியா சாதாரண நாளா என்பதை எழுதியவர் வாயிலிருந்துதான் பிடிக்க முடியும். பௌர்ணமியன்று மட்டும் தண்ணீர் பற்றவில்லை என்றால் கூடுதல் தொட்டி போதும். எல்லா நாளும் புகார் என்றால் கோளாறு வேறு. போர் தண்ணீரின் உப்பு உள்ளே படிந்திருக்கலாம், அந்த இடத்தில் தண்ணீரைப் பார்க்காமல் சோலாரை விற்றால் அதே புகார் பிறகு நம்மிடம் வரும்.

புகாருக்குக் கீழே முதலாளி பதில் எழுதியிருக்கிறாரா என்று பார்ப்பது இன்னும் ருசியான பகுதி. ‘நன்றி, மீண்டும் வருக’ என்று எல்லாவற்றுக்கும் ஒரே பதில் ஒட்டியிருந்தால் அதை யாரோ சம்பளத்துக்குச் செய்கிறார். இங்கே ‘அன்று மோட்டார் ரிப்பேர், மன்னிக்கவும்’ என்று எழுதியவர் தானே கவனிக்கிற ஆள். கடிதம் அவர் கண்ணில் படும்.

மீதி மூன்று நிமிடத்தில் பேஸ்புக், இன்ஸ்டாகிராம். இங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். இந்த ஊரில் விடுதிகளுக்கு அருணாசலா, அண்ணாமலையார், ரமணா என்று மாற்றி மாற்றித்தான் பெயர். வெப்சைட், மேப், பேஸ்புக் மூன்றிலும் போன் நம்பர் ஒன்றுதானா என்று பார்க்காமல் எழுதினால், அடுத்த தெரு விடுதியின் புது மாடிக்கு இவரைப் பாராட்டிக்கொண்டிருப்போம். கடைசிப் பதிவு என்ன, எப்போது என்பதும் தெரிய வேண்டும். 2024 டிசம்பர் 1 அன்று மண்சரிவில் வ.உ.சி. நகரில் ஏழு பேர் இறந்தார்கள். தீபம் 13ஆம் தேதி. அந்த இடைப்பட்ட நாட்களில் ‘தீபத் திருவிழா சிறப்புத் தள்ளுபடி’ என்று கணினி தானாக அனுப்பும் செய்தி இந்த ஊர்க்காரர் ஒருவருக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பயிற்சியாளரே யோசித்துக்கொள்ளட்டும். பெயரும் ஊரும் அதில் சரியாகத்தான் இருந்திருக்கும்.

பிறகு எழுதியது இவ்வளவுதான்: “வணக்கம் சார். உங்க வெப்சைட்ல வெந்நீர் காலை 5 முதல் 8 வரைன்னு பார்த்தேன். பௌர்ணமிக்கு ராத்திரி 3 மணிக்குத் திரும்பி வர்றவங்களுக்கு எப்படிச் சமாளிக்கிறீங்க? முப்பது ரூமுக்கு அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும் எவ்வளவு தண்ணி கூடுதலா வேணும்னு கணக்குப் போட்டுத் தர்றேன். வேண்டாம்னா சொல்லிடுங்க, மறுபடி தொந்தரவு பண்ண மாட்டேன்.” புகார்களைப் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். அவை நமக்கு நோயைக் காட்டத்தான். அவர் முகத்தில் எறிந்தால் அது விற்பனை இல்லை, சண்டை.

பயிற்சியாளரின் கடைசி அஸ்திரம், இது அடுத்த வீட்டை எட்டிப் பார்ப்பது என்பது. வாடகைப் பட்டியலை விடுதிக்காரரேதான் ஊருக்குக் காட்டி வைத்திருக்கிறார், அதைப் படிப்பது எட்டிப் பார்ப்பதா? அவருடைய சொந்தப் பக்கத்தில் மகளின் காதுகுத்துப் படம் இருந்தால் அதை விட்டுவிட வேண்டும், வாழ்த்தும் சொல்லக் கூடாது. அதற்கு மேல் இதில் தர்மசங்கடம் ஒன்றுமில்லை. ஒருவரைப் பற்றி எதுவுமே தெரியாமல் ‘அன்புள்ள’ என்று தொடங்கி 200 பேருக்கு எழுதுகிறவர் நாகரிகம் பேசுவதுதான் வேடிக்கை.

ஐந்நூறு ரூபாய் சாமான் விற்கிறவருக்கு இந்தப் பத்து நிமிடம் கட்டுப்படியாகாது, ஒப்புக்கொள்கிறேன். அவர் நோட்டீஸ் அடித்துத் தேரடி வீதியில் கொடுத்துவிட்டுப் போகலாம். கூட்டத்துக்கு வந்திருந்தவர்களில் பலர் என்னைப் போல லட்ச ரூபாய்க்கு மேல் விற்கிறவர்கள். அவர்களிடம்தான் பயிற்சியாளர் நோட்டீஸ் கணக்கைச் சொல்லிவிட்டு, கட்டணமும் வாங்கிக்கொண்டு போனார்.