தேங்காய்க்குக் கூலி, படித்தவனுக்குக் கேலி

"ஜியாலஜியா? கல்லைத் தட்டிப் பார்க்கிற படிப்பா?" என்று சிரிக்கிறவர்களே! போர் போட இடம் பார்க்க, உள்ளங்கையில் தேங்காய் வைத்து நடப்பவருக்கு மறுபேச்சில்லாமல் பணம் கொடுக்கிறோமே, அது எந்தப் படிப்பு?

கீழப்பாவூர்ப் பக்கம் அடியில் கெட்டிப் பாறை. தண்ணீர் மேலே மக்கிய பாறையிலும், கீழே வெடிப்புகளிலும்தான் நிற்கும். ஜியாலஜி படித்த பையன் நான்கு கம்பிகளை வரிசையாக ஊன்றி, வெளிக்கம்பி இரண்டில் மின்சாரம் விட்டு, உள்கம்பி இரண்டில் மின்னழுத்தம் அளப்பான். வெளிக்கம்பிகளைத் தள்ளி நடநட, இன்னும் ஆழத்துச் சேதி வரும். ஷ்லம்பெர்ஜே முறை என்று பெயர். (பிரெஞ்சில் படித்த எனக்கு 'ஸ்லம்பர்ஜர்' என்பது காதை உறுத்தும்.)

மின்தடை குறைந்தாலே தண்ணீர் என்று சொல்லிவிட முடியாது. களிமண்ணும் உப்புநீரும் அப்படித்தான் காட்டும். ஆழத்து மெல்லிய வெடிப்போ கருவிக்கே தெரியாமல் போகலாம். அதனால் ரிக் ஓடும்போது பக்கத்தில் நின்று தூளைப் பார்க்க வேண்டும். துருப்பிடித்தாற்போல் பழுப்புச் சில்லு வந்தால், வெடிப்பில் நீர் ஓடிய தடம். சாம்பல் தூளே வந்துகொண்டிருந்தால் 'போதும்' என்று சொல்லத் தைரியம் வேண்டும். அடிக்கணக்கில் கூலி வாங்கும் ரிக்காரர் சொல்லமாட்டார். வேலை கொடுப்பவர் தேடுவது இந்தக் கண்ணை.

மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கு யூ.பி.எஸ்.சி. நடத்தும் தேர்வை எழுத எம்.எஸ்ஸி. வேண்டும். அதை விசாரிக்காமல் பி.எஸ்ஸி.யோடு படிப்பை நிறுத்திவிட்டு, வேலை இல்லையென்று பையனைத் திட்டுகிறோம்.