பாதி ஊமை மீட்டர்கள்

பார்வை மங்கிய சர்க்கரை நோயாளிகளுக்கென்று 'பேசும்' குளுக்கோமீட்டர்கள் விற்கிறார்கள். அவற்றில் சில, கடைசியில் வரும் எண்ணை மட்டுமே பேசும். மற்றதெல்லாம் திரையோடு சரி. இதற்குப் பேசும் மீட்டர் என்று பெயராம்!

தனியாகச் சோதிக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஸ்ட்ரிப்பைச் செருகி, விரலைக் குத்தி, நுனியை ரத்தச் சொட்டில் வைக்கிறார். ரத்தம் போதவில்லை. திரையில் பிழைக் குறியீடு வருகிறது. மீட்டர் வாய் திறக்கவில்லை. பேட்டரி தீர்ந்ததா, ஸ்ட்ரிப் தலைகீழா, ரத்தம் குறைவா? தெரியாமல் இன்னொரு விரல், இன்னொரு ஸ்ட்ரிப்.

காசு போனால் போகட்டும். சர்க்கரை மிகவும் இறங்கிவிட்டால் பல மீட்டர்களில் எண்ணே வராது, 'Lo' என்றுதான் வரும். எண்ணை மட்டும் பேசும் மீட்டர் அப்போது என்ன செய்யும்? உடனே இனிப்பு சாப்பிட வேண்டியவர், மீட்டர் கெட்டுவிட்டது என்று பேசாமல் படுத்துவிடலாம்.

'பெரிய எழுத்து போதாதா?' என்று கேட்பார்கள். போதாது. சர்க்கரை வெகுவாக ஏறி இறங்கும்போது கண்ணின் லென்ஸில் நீரளவு மாறி, பார்வையும் மாறும். நேற்று படித்த அதே எண் இன்று மங்கும், அதுவும் சோதனை அவசியமான நாளில்.

வாங்குமுன் கண்ணை மூடிக்கொண்டு, ஏற்கெனவே பயன்படுத்திய ஸ்ட்ரிப் ஒன்றைச் செருகச் சொல்லுங்கள். பெரும்பாலான மீட்டர்கள் அதைப் பிழை என்று காட்டும். அந்தப் பிழை உங்கள் காதில் விழாவிட்டால், அந்த மீட்டர் கண் தெரிந்தவருக்குச் செய்தது.