எங்கே இறங்குவீர்கள்?

மும்பைப் புறநகர் ரயிலில் நின்றுகொண்டு பயணம் செய்பவர், உட்கார்ந்திருப்பவரிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: ‘எங்கே இறங்குவீர்கள்?’ அதற்கு முன் வணக்கம் இல்லை, புன்னகையும் இருப்பதில்லை. ‘தாதர்’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் வருகிறது. தாதரில் அவர் எழுந்ததும் கேட்டவர் அந்த இடத்தில் அமர்கிறார். இதை அத்துமீறல் என்று எவரும் கருதுவதில்லை. அதே கேள்வியை, சென்னையிலிருந்து தில்லி செல்லும் விரைவு ரயிலில் தனியாகப் பயணம் செய்யும் ஒரு மாணவியிடம் எதிர் இருக்கையில் அமர்ந்திருக்கும் ஐம்பது வயது மனிதர் கேட்டால், அவள் கைப்பையைச் சற்றே மடியை நோக்கி இழுத்துக்கொள்கிறாள். கேள்வியின் சொற்கள் மாறவில்லை. கேட்டவரும் கெட்ட நோக்கம் உடையவர் அல்லர் என்றே வைத்துக்கொள்ளலாம். பிறகு எது மாறியது?

மும்பையில் கேள்விக்கான காரணம் எல்லோர் கண்முன்னும் இருக்கிறது: கேட்பவருக்கு இடம் வேண்டும். பதில் சொன்னதும் விவகாரம் முடிந்துவிடுகிறது. தில்லி ரயிலில் அந்த இரண்டுமே இல்லை. அவர் ஏன் கேட்கிறார் என்பது தெரியவில்லை. பதில் சொன்னால் அடுத்து எத்தனை கேள்விகள் வரும் என்பதும் தெரியவில்லை. முன்பின் அறியாதவரிடம் பேசலாமா கூடாதா என்ற வழக்கமான விவாதம் இந்த இடத்தைத் தொடுவதே இல்லை. பேசுவது தொல்லை ஆவதில்லை. கேட்கப்பட்டவர் தலையில் எவ்வளவு கடன் ஏற்றப்படுகிறது என்பதுதான் அதைத் தொல்லையாக்குகிறது.

ஜான் லேவர் என்ற மொழியியலாளர் 1975இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், அறிமுகமற்றவர்களிடம் பேச்சைத் தொடங்கும் சொற்களை மூன்றாகப் பிரித்தார். வானிலை, கூட்டம், தாமதம் போன்ற பொதுவான சூழலைப் பற்றியவை ஒரு வகை. பேசுபவர் தம்மைப் பற்றிச் சொல்பவை மற்றொன்று. கேட்பவரைப் பற்றியவை மூன்றாவது. அவர் கவனித்தது இதுதான்: மூன்றாவது வகையை யாரும் யாரிடமும் எடுத்துவிட முடியாது. பிறரைப் பற்றிப் பேசிப் பேச்சைத் தொடங்குபவர், அவரைவிடத் தாம் மேலானவர் என்ற உரிமையைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்கிறார். பொதுச் சூழலைப் பற்றிய பேச்சுக்கு மட்டும் அந்தச் சிக்கல் இல்லை. லேவர் பிரிட்டிஷ் வர்க்க ஏற்றத்தாழ்வை மனத்தில் வைத்து எழுதினார். இந்திய ரயில் பெட்டியில் வயது, பால், சாதி, மொழி ஆகிய நான்கையும் அதனுடன் சேர்த்துக்கொள்ள வேண்டும். ‘என்னம்மா படிக்கிறாய்?’ என்று தொடங்கும் பெரியவர் அன்பாகத்தான் கேட்கிறார். ஆனால் அந்த மாணவி, ‘நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்? சம்பளம் எவ்வளவு?’ என்று தொடங்க முடியாது. அவளால் தொடங்க முடியாத கேள்வியை அவர் தொடங்குகிறார் என்பதே அதன் எடை.

இந்த எடையைக் குறைக்கும் ஏற்பாட்டை ரயில் பெட்டியே செய்து வைத்திருக்கிறது. படுக்கை வசதிப் பெட்டியின் ஒவ்வொரு தடுப்பிலும் எதிரெதிராக ஆறு, பக்கவாட்டில் இரண்டு என எட்டுப் படுக்கைகள். பகலில் கீழ்ப்படுக்கையில் மூவர் அமர வேண்டும். நடுப்படுக்கையை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை மட்டுமே விரிக்கலாம் என்பது விதி. ஆகவே முன்பின் தெரியாத எட்டுப் பேருக்கும், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், தீர்த்துக்கொள்ள வேண்டிய பொதுக் காரியங்கள் இருக்கின்றன. பெட்டியை எங்கே வைப்பது, எப்போது படுப்பது, விளக்கை எப்போது அணைப்பது, ஜன்னல் கதவை ஏற்றுவதா இறக்குவதா, செல்பேசிக்கு மின்னேற்றும் துளை யார் முறை. இந்தியப் பயணத்தில் ‘வணக்கம்’ என்ற சொல்லின் இடத்தை இந்தக் காரியங்கள்தாம் நிரப்புகின்றன. வணக்கம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால், ‘இவருக்கு என்ன வேண்டும்?’ என்ற ஐயமே முதலில் எழும்.

ஒரு காட்சியை விரித்துப் பார்க்கலாம். இரவு 10 மணிக்குச் சென்னையில் புறப்படும் ரயில். 2,100 கிலோமீட்டருக்கு மேல் பயணம். இரண்டு இரவும் ஒரு பகலும் அதே எட்டுப் பேர். முன்னர் சொன்ன மாணவி நடுப்படுக்கை. பெரியவர் கீழ்ப்படுக்கை. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இடம் தேடுகிறாள். பெரியவர் தம் பையை உள்ளே தள்ளிவிட்டு, ‘இந்தப் பக்கம் இடம் இருக்குங்க. நான் நாக்பூர்ல இறங்கிடுவேன், அதுக்கப்புறம் முழுசா காலி’ என்கிறார். இதில் கேள்வியே இல்லை. அவர் தம் ஊரைச் சொல்லிவிட்டார்; அவள் தன் ஊரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ‘சரிங்க’ என்று தலையசைத்துவிட்டு மேலே ஏறிக்கொள்ளலாம். ஏறிக்கொள்ளவும் செய்கிறாள். அன்றிரவு அவ்வளவுதான்.

மறுநாள் காலை நடுப்படுக்கையை மடக்கியதும் அவள் கீழே வந்து உட்கார வேண்டியிருக்கிறது. ரயில் பல்லார்ஷாவுக்கு முன் ஏதோ ஒரு சிக்னலில் நிற்கிறது. ‘நல்லா வந்துட்டிருந்தது, இங்க வந்து நின்னுடுச்சு’ என்கிறார் பெரியவர், பாதி ஜன்னலைப் பார்த்து, பாதி பொதுவாக. லேவர் சொன்ன முதல் வகை. இதற்கு அவள் பதில் சொல்லாமல் இருந்தாலும் எவருக்கும் அவமானம் இல்லை. ஆனால் அவள், ‘போன தடவையும் இங்கதான் ஒரு மணி நேரம் நிறுத்திட்டாங்க’ என்கிறாள். கவனிக்க வேண்டிய இடம் இதுதான். கேட்காத ஒன்றை அவள் சேர்த்துத் தந்திருக்கிறாள்: இந்த வழியில் முன்பே போயிருக்கிறாள். கதவைத் திறந்தவள் அவள். இப்போது ‘அடிக்கடி போறீங்களா?’ என்று கேட்டால் அது அவள் தந்ததைத் தொட்டுக் கேட்பது. வெளியிலிருந்து தோண்டுவது ஆகாது. முதல் வாக்கியம் யாருடையதாகவும் இருக்கலாம். இரண்டாவதைச் சொல்லவோ விடவோ உரிமை கேட்கப்பட்டவருக்கே உண்டு.

அவள் ‘ஆமாங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டுச் செல்பேசிக்குத் திரும்பியிருந்தால்? அதுவும் தெளிவான பதிலே. இங்கு ஒரு குழப்பம் நேர்வதுண்டு. பல மொழியினர் கலந்து செல்லும் ரயிலில், சுருக்கமான பதிலுக்கு விருப்பமின்மை மட்டுமே காரணம் அல்ல. மொழி தெரியாமையும் காரணமாகலாம். இரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. மொழி தெரியாதவர் ஒரு சொல் சொல்லிவிட்டும் முகத்தைத் திருப்புவதில்லை. கண்ணாலும் கையாலும் மீதியைச் சொல்ல முயல்வார். விருப்பமில்லாதவர் சொல்லைத் தந்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொள்வார். கண்ணை எடுத்துக்கொண்ட பிறகும் தொடர்வதற்கு ‘கலகலப்பான மனிதர்’ என்று பெயர் வைப்பது பேசுபவரின் வசதிக்காக மட்டுமே.

அறிமுகமற்றவரிடம் பேசுவதன் நன்மைக்குச் சான்றாக இன்று அதிகம் சுட்டப்படுவது நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு. சிகாகோவில் ரயிலிலும் பேருந்திலும் வேலைக்குச் செல்வோரில் சிலரைப் பக்கத்தில் இருப்பவருடன் பேசச் சொன்னார்கள். சிலரைப் பேசாமல் இருக்கச் சொன்னார்கள். பேசியவர்களுக்கே பயணம் இனிமையாக இருந்தது. அப்படி இருக்காது என்றுதான் மக்கள் முன்கூட்டி எண்ணியிருந்தனர். நல்ல ஆய்வுதான். ஆனால் அது தினமும் அலுவலகம் செல்வோரின் குறுகிய பயணத்தைப் பற்றியது. பேச்சு கசந்தால் சற்று நேரத்தில் இறங்கிவிடலாம். படுக்கை எண் குறித்துத் தரப்பட்ட மாணவிக்கு முப்பது மணி நேரத்துக்கும் மேல் அந்த வழி இல்லை. இரவில் உறங்க வேண்டிய இடமும் அதே இடம். அந்த ஆய்வைக் கையில் வைத்துக்கொண்டு ‘எல்லோரும் பேசுங்கள்’ என்று இந்திய ரயிலுக்குப் பரிந்துரைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

பெயர் கேட்பதை இன்னும் தள்ளிப்போட வேண்டும். பெட்டி வாசலில் முன்பதிவுப் பட்டியல் ஒட்டப்பட்டிருந்த காலத்தில், பெயரையும் வயதையும் அதில் படித்துவிட்டு உள்ளே வந்து பெயர் சொல்லி அழைத்தவர்கள் உண்டு. அழைக்கப்பட்டவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பெயருக்குப் பிறகு ‘முழுப் பெயர்?’ என்றும், ஊருக்குப் பிறகு ‘பூர்வீகம்?’ என்றும் வரும் கேள்விகள் எதை நோக்கிப் போகின்றன என்பது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். 1901இல் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கித் தந்தையின் ஆளுக்காகக் காத்திருந்த சிறுவன் அம்பேத்கரிடமும் உடனிருந்த சிறுவர்களிடமும் நிலைய அதிகாரி பரிவோடுதான் விசாரிக்கத் தொடங்கினார். நல்ல உடை, பார்த்தால் உயர்சாதிப் பிள்ளைகள் என்ற எண்ணம். மகர்கள் என்று பதில் வந்ததும் அவர் முகம் மாறியதை அம்பேத்கர் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். பின்னர் வண்டி ஓட்ட எவரும் முன்வரவில்லை. இரட்டைக் கூலி தந்து, வண்டியைத் தாங்களே ஓட்டிச் செல்ல வேண்டியதாயிற்று. பரிவான விசாரிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று அறிந்த குடும்பங்களிலிருந்து வருபவர்கள் இன்றும் அதே பெட்டிகளில் பயணம் செய்கிறார்கள். அவர்களுடைய சுருக்கமான பதிலைத் திமிர் என்று படிப்பது தவறு.

எப்படி அழைப்பது என்பதில் இந்திய மொழிகள் உறவுச் சொற்களைத் தாராளமாகத் தருகின்றன: தம்பி, அக்கா, பாய் சாஹப், பெஹன்ஜி, தாதா, தீதி. அவை இதமானவையே, ஆனால் ஒவ்வொன்றும் வயதையும் படிநிலையையும் பேசுபவரே தீர்மானித்துவிட்ட சொல். ‘பேட்டா’ என்று அழைத்தவருக்கு அறிவுரை சொல்லும் உரிமை கூடவே வந்துவிடுகிறது. முப்பத்தைந்து வயதுப் பெண்ணை ‘ஆன்ட்டி’ என்ற இளைஞனுக்குக் கிடைக்கும் பார்வையும் பலர் அறிந்ததே. தமிழின் ‘-ங்க’, தெலுங்கின் ‘-அண்டி’, இந்தியின் ‘ஜி’ ஆகியவை உறவு எதையும் கோராமல் மதிப்பை மட்டும் தருகின்றன. முதல் பேச்சுக்கு அவை போதும். உறவுச் சொல், தேவைப்பட்டால், தானாக வந்து சேரும்.

உணவு நீட்டுவது பழைய வரவேற்பு. மயக்க மருந்து கலந்த பிஸ்கட் பற்றிய எச்சரிக்கை அறிவிப்புகளுக்குப் பிறகு அது எளிய செயலாக இல்லை. அறியாதவர் தருவதை வாங்காதீர்கள் என்று ரயில்வேயே சொல்லும்போது மறுப்பவரைக் குறை கூற முடியாது. பொதுவில் வைத்துப் பிரித்து, தாம் முதலில் எடுத்துக்கொண்டு, ஒரு முறை காட்டினால் போதும். ‘வேண்டாம்’ என்றவரிடம் மறுமுறை கேட்பதை நம் வழக்கம் மன்னிக்கும். மூன்றாம் முறை வற்புறுத்தல். கேட்காமலே டீக்காரரிடம் ‘ரெண்டு குடு’ என்று வாங்கிக் கையில் திணிப்பது அதைவிடச் சங்கடம். குடித்தாக வேண்டும், அதன்பின் பேசியும் ஆக வேண்டும்.

நாக்பூரில் ஆரஞ்சுக் கூடைகள் ஜன்னலோரம் வரும்போது பெரியவர் தம் பையை இழுத்து எடுக்கிறார். அதுவரை அவர் அவள் பெயரைக் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. ‘வரேங்க. இந்த ஜன்னல் சரியா மூடாது, ராத்திரி குளிரும், அந்தப் பக்கம் தலை வச்சுப் படுங்க’ என்று சொல்லிவிட்டு இறங்குகிறார். அவள் பையின் மறுபிடியைத் தூக்கிக் கதவு வரை கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திரும்புகிறாள்.