பாதி விலையில் டைமண்டா?

‘ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் டைமண்ட் பாதி விலைக்கு!’ என்று இன்ஸ்டாகிராமிலோ டெலிகிராமிலோ ஒரு விளம்பரம் வருகிறது. உங்கள் வீட்டுப் பையன் சோதனைக்காக 50 ரூபாய் அனுப்புகிறான். சொன்னபடி டைமண்ட் ஏறிவிடுகிறது. அவனுக்கு நம்பிக்கை வருவது இங்கேதான். அந்த முதல் டைமண்டுகள் தூண்டிலில் குத்திய புழு.

அடுத்து 1,000 ரூபாய்க்குக் கேட்டதும் பேச்சு மாறும். “இது பெரிய பேக் ப்ரோ, லாகின் பண்ணித்தான் ஏத்தணும். ஜிமெயிலும் பாஸ்வேர்டும் அனுப்பு.” கொஞ்ச நேரத்தில் “ஒரு ஓ.டி.பி. வரும், அதையும் சொல்லு” என்பார்கள்.

விஷயம் இந்த இடத்திலேயே தெரிந்துவிடும். டைமண்ட் ஏற்ற பாஸ்வேர்டு தேவையே இல்லை. விளையாட்டுக்குள் புரொஃபைல் பக்கத்தில் இருக்கும் யு.ஐ.டி. எண் போதும். அது வீட்டுக் கதவு எண் மாதிரி, தெரிந்தால் பொருளைக் கொண்டுவந்து தரலாம், உள்ளே நுழைய முடியாது. பாஸ்வேர்டு என்பது சாவி. கொரியர்காரர் யாராவது சாவி கேட்பாரா?

சாவி கைக்குப் போனதும் ஜிமெயிலின் பாஸ்வேர்டையும் மீட்பு எண்ணையும் மாற்றிவிடுவார்கள். பையன் வருடக்கணக்கில் சேர்த்த ஸ்கின், துப்பாக்கி எல்லாம் போச்சு. அதே ஜிமெயிலில் வீட்டுப் புகைப்படங்களும் இருந்தால் அவையும்தான்.

திருடிய ஐடி ‘ஐடி ஃபார் சேல்’ என்று இன்னொரு குரூப்பில் விலைக்கு வரும். வாங்குகிறவனும் தப்பமாட்டான். முதலில் கணக்கைத் தொடங்கியவர் பழைய மெயில், பழைய போன் விவரங்களை வைத்து அதை மீட்டுவிட்டால் கொடுத்த காசு அம்போ. கணக்கை விற்பதும் வாங்குவதும் விதிமீறல் என்பதால், விளையாட்டு நிறுவனத்திடம் போய் நியாயம் கேட்கவும் வழியில்லை. திருடாமல் சொந்த ஐடியை விற்பவர்களிலும் சிலர், காசு வாங்கிய கையோடு இப்படி மீட்டுக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால், நண்பனின் ஐடியைக்கூடக் காசு கொடுத்து வாங்கவேண்டாம் என்பேன்.

பாஸ்வேர்டு ஏற்கெனவே போய்விட்டதா? பையனைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில், வழக்கமாகப் பயன்படுத்தும் அதே போனில் g.co/recover பக்கத்தைத் திறந்து கணக்கை மீட்கப் பாருங்கள். மீட்பு எண் மாற்றப்பட்டிருந்தாலும், மாற்றிய 7 நாட்கள் வரை பழைய எண்ணுக்குச் சரிபார்ப்புக் குறியீட்டைப் பெற வாய்ப்பு உண்டு. கணக்கு திரும்பியதும் பாஸ்வேர்டை மாற்றி, தெரியாத போன்களையெல்லாம் அதிலிருந்து வெளியேற்றுங்கள்.

பணத்துக்கு உடனே 1930-ஐ அழையுங்கள், அல்லது cybercrime.gov.in தளத்தில் புகார் கொடுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் நிறுத்தவேண்டும் என்பதால் அன்றைக்கே செய்வது முக்கியம். யு.பி.ஐ. ரசீதில் இருக்கும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் கேட்பார்கள். பேசிய சாட்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பயத்தில் பையன் அதை அழித்துவிடுவதற்கு முன்!