இருபத்திரண்டு படங்களும் ஒரு வாரத்து வெயிலும்



குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். லயத்து வீட்டு வாசலில் பாதரச வெப்பமானி ஒன்றைத் தொங்கவிட்டு, போன மாதம் இந்தப் பகுதியில் நான் சொன்ன மூன்று வேளைகளிலும் ஒரு வாரம் முழுக்கக் கைப்பேசியில் படம் பிடித்திருக்கிறார்கள். காலை 8, பிற்பகல் 3, இரவு 10. சனிக்கிழமை பிற்பகல் மட்டும் இரண்டு படங்கள். ஆக மொத்தம் இருபத்திரண்டு. அத்தனையையும் அனுப்பிவிட்டு அவர் கேட்கிறார்: "ஐயா, இந்த வாரத்துச் சராசரி எவ்வளவு? ஏற்ற இறக்கம் எவ்வளவு? ஞாயிற்றுக்கிழமை 37.5 டிகிரி வந்திருக்கிறது. செம்பனைக் குலை வெட்டுகிறவர்களுக்குப் பிற்பகல் வேலையைக் காலையிலேயே முடித்துவிடும்படி ஆபீசில் எழுதிக் கொடுக்கப் போகிறோம். இந்த 37.5ஐ அதில் போடலாமா?"

போடலாமா கூடாதா என்பதைப் படத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கணக்கு பிறகுதான்.

வெப்பமானியில் பாதரசம் கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கிறது. கோடுகளோ பின்னால் இருக்கும் பலகையில் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளி. பாதரசத்தின் உச்சிக்கு நேராகக் கைப்பேசியைப் பிடித்தால் சரியான கோடு தெரியும். கீழேயிருந்து மேல்நோக்கிப் பிடித்தால் பார்வை சாய்ந்து போய், உச்சிக்குப் பின்னால் மேலே இருக்கிற கோட்டில் விழும். அளவு கூடிக் காட்டும். மேலேயிருந்து பிடித்தால் குறைத்துக் காட்டும். முப்பது சென்டிமீட்டர் தூரத்தில் நின்று பத்து சென்டிமீட்டர் தாழ்த்திப் பிடித்தால் 1 மில்லிமீட்டர் தப்பும். ஒரு டிகிரிக்கு 2 மில்லிமீட்டர் உள்ள பலகையில் அது அரை டிகிரி.

சனிக்கிழமை இரண்டு படம் இருப்பதன் காரணம் இதுதான். முதல் படத்தைச் சின்னப் பையன் எடுத்திருக்கிறான், அதில் 34. அடுத்த நிமிடமே அக்காள் எடுத்த படத்தில் 33.5. எதை நம்புவது? பலகையின் இரண்டு ஓரங்களையும் பாருங்கள். பையன் எடுத்த படத்தில் ஓரங்கள் மேலே போகப் போக நெருங்கி வருகின்றன. கீழேயிருந்து எடுத்ததற்கு அதுவே சாட்சி. அக்காளின் படத்தில் ஓரங்கள் ஒன்றுக்கொன்று நேராக நிற்கின்றன. ஆகவே 33.5 தான் கணக்கில் சேரும். பாதரசத்தின் உச்சி குவிந்திருக்கும். அந்தக் குவிவின் முகட்டைப் படிக்க வேண்டும். (சிவப்புத் திரவம் உள்ள வெப்பமானியில் இருப்பது பாதரசமல்ல, சாராயம். அதன் உச்சி குழிந்திருக்கும். குழியின் அடியைப் படிக்க வேண்டும்.) ஒரு டிகிரிக்கு ஒரு கோடு உள்ள வெப்பமானியில் அரை டிகிரி வரைக்கும் கண்ணால் சொல்லலாம். படத்தைப் பெரிதாக்கி 33.4, 33.6 என்று எழுதுவது கற்பனை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைப் படம். பலகையின் கீழ்ப் பாதி பளபளவென்று வெளுத்திருக்கிறது. குறுக்கே கூர்மையான நிழல் கோடு. வெயில் மறைப்புக்குக் கட்டியிருந்த சாக்கை அன்று துவைக்கப் போட்டிருந்ததாகக் கடிதத்திலேயே எழுதியிருக்கிறார் அம்மா. பாதரசக் குமிழ் நேர் வெயிலில் இருந்திருக்கிறது. அந்த 37.5 வெயிலில் காய்ந்த கண்ணாடியின் சூடு, காற்றின் சூடு அல்ல. அந்தப் படத்தை ஒதுக்கிவிட வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமைக்கு மீதி இரண்டு படங்களை வைத்துச் சராசரி போடக்கூடாது. உச்சி வேளை இல்லாத சராசரி குறைந்து போகும். அன்றைக்குச் சராசரி இல்லை என்றே எழுத வேண்டும்.

மீதிப் படங்களிலிருந்து நோட்டுப் புத்தகத்தில் இறக்கிய அளவுகள் இவை. காலை, பிற்பகல், இரவு என்ற வரிசை:

திங்கள்: 24.5, 32.5, 26.5
செவ்வாய்: 25, 33, 27
புதன்: 24.5, 33.5, 26.5
வியாழன்: 25, 27, 25 (மதியம் முதல் மழை)
வெள்ளி: 24, 32, 26
சனி: 24.5, 33.5, 27
ஞாயிறு: 25, படம் தள்ளுபடி, 27

திங்கட்கிழமையை எடுத்துக்கொள்வோம். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 27.8 வருகிறது. பள்ளிக்கூடக் கணக்குக்கு அது சரி. ஆனால் ஒரு நாளில் இரவு நீளமானது. இரவு முழுவதற்கும் நம்மிடம் இருப்பது ஒரே ஒரு படம். அதற்கும் பிற்பகல் படத்துக்கும் சம மதிப்புக் கொடுத்தால் பகல் சூடு அளவுக்கு மீறிப் பேசிவிடும். ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் 1780இல் அமைந்த வானிலைச் சங்கம் பல ஊர்களிலும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டுமென்று காலை 7, பிற்பகல் 2, இரவு 9 என்று வைத்தது. அந்த மூன்று வேளை அளவுகளிலிருந்து சராசரி காண்பதற்குப் பின்னர் ஒரு வழி பழக்கத்துக்கு வந்தது: இரவு அளவை இரண்டு முறை கூட்டி, நான்கால் வகுப்பது. திங்களுக்கு 24.5, 32.5, 26.5, மறுபடியும் 26.5. கூட்டினால் 110, நான்கால் வகுத்தால் 27.5.

அவர்கள் 7, 2, 9 என்றார்கள், நாம் ஏன் 8, 3, 10 என்று வைத்தோம் என்று கேட்பீர்கள். அவர்களுடையது சூரிய நேரம். ஜொகூரில் சூரியன் உச்சிக்கு வரும்போது நம் கடிகாரம் ஒரு மணியைத் தாண்டியிருக்கும். 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே கடிகாரத்தில் ஒரு மணி கூட்டிக்கொண்டோம். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: இந்த வழி குளிர் நாட்டில் பிறந்தது. நம் ஊருக்கு அது கிட்டத்தட்டத்தான் பொருந்தும். ஒரு விடுமுறை நாளில் மணிக்கு ஒரு படமாக இருபத்துநான்கு எடுத்துச் சராசரி கண்டு ஒப்பிட்டால், எவ்வளவு விலகுகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அந்த வழியில் செவ்வாய் 28, புதன் 27.75, வியாழன் 25.5, வெள்ளி 27, சனி 28. ஆறு நாளையும் கூட்டினால் 163.75. ஆறால் வகுத்தால் வாரத்துச் சராசரி 27.3 டிகிரி. தசமத்துக்குப் பின் ஓர் இலக்கம் போதும். அரை டிகிரிக்குப் படித்த அளவுகளிலிருந்து 27.29 என்று எழுதினால் யாரும் சிரிப்பார்கள்.

ஏற்ற இறக்கம் இதைவிட எளிது. வாரத்தின் எல்லா அளவுகளிலும் மிக உயர்ந்தது 33.5, புதனும் சனியும். மிகத் தாழ்ந்தது வெள்ளிக் காலை 24. கழித்தால் 9.5 டிகிரி.

இங்கேதான் கவனிக்க வேண்டியது இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையின் 37.5ஐத் தள்ளாமல் சேர்த்துப் பாருங்கள். அன்றைய சராசரி 29.1, வாரத்துச் சராசரி 27.3 என்பது 27.6 ஆகும். ஒரு கெட்ட படம் இருபது நல்ல படங்களுக்குள் கரைந்துவிடுகிறது. ஆனால் ஏற்ற இறக்கம்? 9.5 என்றிருந்தது ஒரே தாவலில் 13.5! ஏற்ற இறக்கம் இரண்டே படங்களின் மேல் நிற்கிறது. அந்த இரண்டில் ஒன்று தவறினால் முழுவதும் தவறு. அதனால் உச்சப் படத்தையும் அடிப் படத்தையும் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். முடிந்தால் பிற்பகலில் எப்போதும் இரண்டு படம் எடுங்கள்.

வெப்பமானியே தவறாக இருந்தால் கதை தலைகீழ். எப்போதும் ஒரு டிகிரி கூட்டிக் காட்டுகிற வெப்பமானியில் சராசரியும் ஒரு டிகிரி கூடிவிடும்; ஏற்ற இறக்கமோ மாறவே மாறாது, இரண்டு பக்கமும் கூடியது கழித்தலில் அடிபட்டுப் போகும். இதைச் சோதிக்க ஐஸ் கச்சாங் கடையில் சீவுகிற ஐஸ் போதும். ஒரு குவளை நிறைய ஐஸ், அது நனைகிற அளவு தண்ணீர். குமிழை அதற்குள் பத்து நிமிடம் புதைத்து வையுங்கள். 0 காட்ட வேண்டும். 1 காட்டினால் எல்லா அளவிலும் ஒன்றைக் கழியுங்கள். இந்த அம்மாவின் வெப்பமானி 0 காட்டியதாம், நல்லது. பாதரச இழை நடுவில் அறுந்து இடைவெளி தெரிகிறதா என்றும் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: பாதரசம் நஞ்சு. பிள்ளைகளுக்கு எட்டுகிற இடத்தில் தொங்கவிட வேண்டாம். உடைந்தால் கையால் தொடவோ துடைப்பத்தால் கூட்டவோ கூடாது.

படம் பிடித்து அளப்பது கைப்பேசியோடு வந்த புதுமை என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தின் கியூ ஆய்வுக்கூடத்தில் பிரான்சிஸ் ரொனால்ட்ஸ் 1845லேயே வானிலைக் கருவிகளைப் புகைப்படத் தாளில் பதிய வைத்தார். அப்படிப் பதிந்ததையும் அவர்கள் அப்படியே நம்பிவிடவில்லை. ஆள் நேரில் கண்ணால் படித்த அளவோடு ஒப்பிட்டுத்தான் ஏற்றுக்கொண்டார்கள்.

சரி, ஆபீசுக்கு என்ன எழுதுவது? 37.5 வேண்டாம் அம்மா. நம் வானிலைத் துறை ஒரு நாளின் உச்ச வெப்பம் 35 முதல் 37 டிகிரி வரை தொடர்ந்து மூன்று நாளாவது இருந்தால்தான் முதல் நிலை எச்சரிக்கை என்கிறது. பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் 1998 ஏப்ரல் 9ஆம் நாள் பதிவான 40.1 டிகிரிதான் நாட்டின் உச்சம் என்று பேர் பெற்றது. குளுவாங்கில் ஒரே ஒரு நாள் 37.5 என்று எழுதினால், படத்தைக் காட்டு என்பார்கள். நிழல் கோட்டைப் பார்த்ததும் மற்ற இருபது படங்களையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள்.

சராசரியான 27.3ஐயும் முன்னால் வைக்காதீர்கள். அதில் உங்கள் வீட்டுக்காரர் தூங்குகிற நேரமும் கலந்திருக்கிறது; "இது வழக்கமான சூடுதானே" என்று பதில் வரும். நீங்கள் கேட்பது பிற்பகல் வேலையைப் பற்றி. ஆகவே பிற்பகல் 3 மணி அளவுகளை மட்டும் தனியே எழுதுங்கள்: ஆறு நாளில் ஐந்து நாள் நிழலிலேயே 32க்குக் குறையவில்லை, மழை நாளில் மட்டும் 27. அதே நாட்களில் காலை 8 மணிக்கு 24க்கும் 25க்கும் இடையில். காலைக்கும் பிற்பகலுக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஐந்து நாளும் 8 டிகிரி அல்லது அதற்கு மேல். அதற்கு ஒவ்வொரு நாளுக்கும் படம் இருக்கிறது.

நாம் பார்த்த 33.5 அந்த வாரத்தின் உண்மையான உச்சம் என்று மட்டும் எழுத வேண்டாம். வியாழனன்று மழைக்கு முன் ஒரு மணிக்கு எவ்வளவு ஏறியதோ, விடியுமுன் எவ்வளவு இறங்கியதோ, நம் மூன்று படங்களில் அது இல்லை. "எடுத்த அளவுகளில் மிக உயர்ந்தது" என்று எழுதுங்கள். உச்சத்தையும் அடியையும் தானே குறித்து வைக்கிற வளைகுழாய் வெப்பமானி ஒன்று உண்டு. குழாய்க்குள் இரண்டு சிறு ஊசிகள் ஏறிய இடத்தில் நின்றுவிடும். பள்ளியில் ஒன்று கிடைத்தால் இரவல் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த வாரம் மறுபடி எடுப்பதாக அம்மா எழுதியிருக்கிறார். சாக்குக்குப் பதில் பலகை மறைப்பு வையுங்கள். வெப்பமானி தகரக் கூரையை ஒட்டாமல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, பெரியவர்கள் நெஞ்சுயரத்தில் தொங்கட்டும். தம்பி படம் எடுப்பதானால் ஒரு முக்காலி போட்டுக் கொடுங்கள்.